ஊரின் வாயை விட்ட இடம்

வெள்ளவத்தையில் கோயில் மண்டபம் ஒன்றில் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் விரதக் கதை வாசிப்பார்கள். பழைய தமிழ்ப் பிரதி ஒருவருக்கும் விளங்கவில்லை என்பதால், சமஸ்கிருத மூலத்திலிருந்து புதிதாக எழுதித்தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர். பல்கலைக்கழகத்தில் நான் சமஸ்கிருதம் படித்ததை அம்மா எங்கள் ஒழுங்கையில் சொல்லாத வீடில்லை.

முதல் அத்தியாயத்தைப் பார்த்த கோயில் செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"தம்பி, இது தமிழோ, கோச்சியோ? ரயில்பெட்டி மாதிரி வசனத்துக்கு வசனம் ஒரு 'என்று' கொழுவி விட்டிருக்கிறீர்."

அவர் சொன்னது சரிதான். மூலத்தில் ஒருவர் பேசி முடிந்தால் 'இதி' வரும். நினைத்து முடிந்தாலும் வரும், காரணம் சொன்னாலும் வரும், அத்தியாயம் முடிந்தாலும் வரும். நான் அத்தனைக்கும் 'என்று' போட்டிருந்தேன். கடைசி வரியே 'என்று முதலாம் அத்தியாயம்' என்றிருந்தது.

"எண்டு முதலாம் அத்தியாயம் ஆருக்குச் சொன்னது?" என்றார். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

அன்றிரவே களையெடுக்கத் தொடங்கினேன். அத்தியாய முடிவில் 'முற்றிற்று' என்று போட்டேன். 'புலி என்று பயந்து ஓடினான்' என்பதை 'புலியோ எனப் பயந்து ஓடினான்' ஆக்கினேன். 'தாகம் என்று ஆற்றுக்குப் போனான்' என்பது 'தாகத்தால் ஆற்றுக்குப் போனான்' ஆயிற்று. எழுத்து இலேசாகிக்கொண்டே வந்தது. அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லுகிற மாதிரி வெட்டிக்கொண்டே போனேன்.

அடுத்த வெள்ளிக்கு இரண்டாம் அத்தியாயம். வாசிப்பு தொடங்குகிற நேரத்தில்தான் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசிக்கிற அக்கா வங்கியில் வேலை செய்பவர், வேலை முடிந்து நேரே வந்திருந்தார். குரல் நல்ல குரல். கலியாணமாகி நீண்ட காலம், பிள்ளையில்லை. இது மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அம்மாவும் அன்று புதுச்சேலை கட்டி என்னோடு வந்து முன்வரிசையில் இருந்தார்.

அக்கா வாசித்தார். "வணிகனின் மனைவிக்குப் பிள்ளை இல்லை. அவள் வாசலில் நின்றால் விளக்கு அணையும். அவள் கை பட்டால் பால் திரியும்."

வாசிப்பதை நிறுத்தினார். தாளைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூலத்தில் விளக்கு, பால் வசனங்களும் அடுத்து வரவிருந்த மூன்றாவதும் முடிகிற இடத்தில் ஓர் 'இதி' இருந்தது. 'சொன்னார்கள்' என்ற வினைகூட இல்லை, வெறும் இதி மட்டும். ஊர்ச்சனம் அவளைப் பழித்த வார்த்தைகள் அவை. நான் அந்த 'இதி'யையும் களை என்று பிடுங்கியிருந்தேன். இப்போது கதையே, சாமியின் கதையே, அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதுவும் அக்காவின் வாயால்.

அக்கா மூன்றாவது வசனத்தை மெதுவாக வாசித்தார். "அவள் முகத்தில் விழிப்பது... பாவமாம்."

அந்த 'ஆம்' தாளில் இல்லை.

வாசிப்பு முடிந்து செருப்புப் போடுகிற இடத்தில் அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"அது புத்தகம் சொல்லுதோ, ஊர் சொல்லுதோ?" என்று கேட்டார்.

"ஊர்தான் அக்கா."

"அப்ப ஊரின்ர வாயை எங்க விட்டனீர்?"

நான் 'இதி'யைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். வினை இல்லாத இடம், பேச்சு எங்கே தொடங்குகிறது என்று மூலத்தில் அடையாளம் இருக்காது என்றெல்லாம். என் குரல் எனக்கே கேட்கக் கூசியது. அக்கா கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "நேரமாச்சு தம்பி" என்று போய்விட்டார்.

கொட்டாஞ்சேனைக்குப் போகிற பஸ்ஸில் அம்மா கேட்டார். "அந்தப் புள்ள ஏன் நடுவுல நிண்டுச்சு? எழுத்து வெளங்கலையா?"

"வெளங்கினதாலதான் நிண்டாங்க, அம்மா." மிச்சத்தையும் சொன்னேன். அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு புதுச்சேலைத் தலைப்பை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா இனி வாசிக்க வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அந்தப் பகுதியைத் திருத்தி, திரும்ப வாசிக்கவேண்டும் என்று செயலாளரிடம் நானே கேட்டேன். அடுத்த வெள்ளி அக்கா வந்திருந்தார். திருத்திய தாளைக் கொடுத்தேன். முழுவதையும் மனதுக்குள் வாசித்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

"இந்தத் துண்டை நீர் வாசியும்."

எழும்பி நின்றேன். எனக்கு வாசித்துப் பழக்கமில்லை. "ஊர் அவளைப் பற்றி என்னவெல்லாமோ கதைத்தது. அவள் வாசலில் நின்றால் விளக்கு அணையுமாம். அவள் கை பட்டால் பால் திரியுமாம்." மூன்றாவது வசனத்துக்கு வந்தபோது தலையை நிமிர்த்தினேன். அக்கா நிலத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவாறு வாசித்து முடித்தேன்.

அவர் கையை நீட்டித் தாளை வாங்கினார். அடுத்த வரியிலிருந்து அவரே வாசித்தார்.