விரல் நகராமல் படித்தவள்

எனக்கு எழுபத்தொரு வயசு. பெத்து வளர்த்தது நாலு. மகள் இங்கே ஓசூரிலேயே கம்பெனி வேலைக்குப் போனதால் பேத்தியையும் சேர்த்து வளர்த்தது அஞ்சு. ஒருத்தரும் சோடை போகவில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன்.

பேத்தி ஏழு வயசிலேயே ஓடாத ஃபேனைப் பார்த்து, "ஆயா, தள்ளிவிட்டா சுத்துது பாரு, கன்டென்சர்தான் போயிடுச்சு" என்றாள். மாற்றினோம், ஓடியது. பக்கத்து வீட்டில் கன்னடம், எதிர்வீட்டில் தெலுங்கு, எல்லாம் பேசுவாள். பாடத்தை ஒருதரம் கேட்டால் போதும், அப்படியே ஒப்பிப்பாள். மார்க் மட்டும் பாதிக்குப் பாதி. ஃபெயிலும் இல்லை, ஃபர்ஸ்டும் இல்லை. பள்ளிக்கூடத்தில் மூணு பாஷை கலந்த குழப்பம் என்றார்கள், அப்புறம் சோம்பேறி என்றார்கள். மார்க் வரும்வரை தொடாதே என்று மகள் அவள் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். விரல் நகராமல் எனக்கு வாய் நகராது. பேத்தி மூணாவது படிக்கையில் ஒருநாள் அவள் படிப்பதைப் பார்த்தேன். வாய் கடகடவென்று ஓடுகிறது, விரல் முதல் வரியிலேயே நிற்கிறது. அவள் படிக்கவில்லை, மனப்பாடம் சொல்கிறாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. தெருவெல்லாம் அவளைக் கெட்டிக்காரி என்று சொல்லி வைத்தவள் நான், இப்போது என்னவென்று சொல்வேன்? ஒரு வருஷம் மறைத்தேன்.

நாலாவதில் பாடம் பெருத்தது, மனப்பாடம் எட்டவில்லை. காலையானால் வயிற்றுவலி. ஒருநாள், "நான் மக்கு ஆயா, பள்ளிக்கூடம் வேணாம்" என்றாள். அன்றைக்கு மகளிடம் எல்லாம் சொன்னேன். ஒரு வருஷமா சும்மா இருந்தியா என்று திட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

மகள் லீவு போட்டாள். படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கென்றே பயிற்சி எடுத்த டீச்சரிடம் போனோம். கட்டை அடுக்குவதிலும் புதிரிலும் வயசுக்கு மேலே போனாள். அர்த்தமில்லாத புது வார்த்தையைப் படிக்கக் கொடுத்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி திணறினாள்.

"இவ புத்தி இவ சிரமத்தை மறைச்சிடுச்சும்மா. சிரமம் புத்தியை மறைச்சிடுச்சு. ரெண்டும் சேர்ந்து சுமாரான பிள்ளையாக் காட்டுனதால யாரும் திரும்பிப் பாக்கல" என்றார் அந்த டீச்சர்.

என் பேத்திக்குக் குறையா என்று நான் முறைத்தேன். அறிவில் குறை இல்லை, எழுத்தையும் சத்தத்தையும் சேர்க்கிற இடத்தில்தான் சிக்கல் என்று பொறுமையாகச் சொன்னார். வாரம் மூணு நாள் ஒவ்வொரு சத்தமாக மணலில் எழுதிப் பழகினாள். பள்ளியில் பரீட்சைக்குக் கூடுதல் நேரம் கொடுத்தார்கள், சில பாடத்தை வாயால் சொல்லவிட்டார்கள். ஸ்க்ரூடிரைவரையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார் டீச்சர். கெட்டிக்காரத்தனத்துக்குத் தீனி போடாவிட்டால் பிள்ளை சோர்ந்துபோகுமாம்.

சிக்கல் முழுசாகப் போகாது என்றார். போகவுமில்லை. இப்போது ஏழாவது. மெதுவாகப் படிக்கிறாள், ஆனால் படிக்கிறாள். வயிற்றுவலி மட்டும் வருவதில்லை.

இதை நானே ஒரு மாசமாக எழுதினேன். வா கண்ணு, உன்னைப் பத்தித்தான் எழுதியிருக்கேன், நீ இதுவரை கேக்காத பக்கம் இது, மனப்பாடமா ஒப்பிக்க முடியாது. எனக்குப் படிச்சுக் காட்டு, அவசரமே இல்ல.