மேட்டாரின் நாற்பத்தாறு சொற்கள்

அலுவலகத்தில் அவளுக்கு 'அகராதி' என்று பெயர். சொற்களை உண்டாக்குவது அவள் வேலை என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம், அவளிடம் ஒரு வார்த்தை பேசிப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் ஒலிப்பதிவுக்காரன், என்னை எல்லோரும் 'சவுண்டு' என்பார்கள். எங்கள் கம்பெனியில் மொத்தம் பதினான்கு பேர். மூன்று வருடமாக ஒரே ஒரு கணினி விளையாட்டைச் செய்துகொண்டிருந்தோம்.

விளையாட்டில் இரண்டு கூட்டம்: மலைமேல் மேட்டார், கீழே ஆற்றார். இரண்டுக்கும் ஜென்மப் பகை. சண்டையில் அவர்கள் போடும் கூச்சலை வைத்தே நம்மவன் யார், எதிரி யார் என்று ஆடுகிறவனுக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் அகராதியிடம் மொழி கேட்டார்கள்.

நாற்பத்தாறே சொற்களில் செய்தாள். அதற்கு மேல் போனால் ஆடுகிறவன் தலையில் நிற்காது என்பது அவள் கணக்கு. இலக்கணம் உள்ளங்கையில் அடங்கிவிடும். செயல் முதலில், செய்கிறவன் பிறகு, 'இல்லை' கடைசியில். 'கேலு' என்றால் வருவது, 'நிர' என்றால் எதிரி, 'மூ' என்றால் இல்லை. 'கேலு நிர' என்றால் எதிரி வருகிறான். 'கேலு நிர மூ' என்றால் வரவில்லை. பலர் என்றால் சொல்லை இரண்டு தடவை சொல்ல வேண்டும்: 'நிரநிர'.

இது மேட்டார் மொழி. ஆற்றாருக்கு அவள் புதிதாக எதையும் செய்யவில்லை. ககரம் வருமிடத்தில் ஹகரம், ரகரம் வருமிடத்தில் லகரம், அவ்வளவுதான். 'கேலு நிர' அங்கே 'ஹேலு நில' ஆயிற்று. ஒரு காலத்தில் ஒரே வீடாக இருந்தவர்கள் பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள் என்பதை ஆடுகிறவன் காதாலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்றாள். நிஜமாகவே அழகான யோசனை. அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், சின்னப் பிள்ளை மாதிரி இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் அவள் அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தது. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். குரல்வளையையே எடுத்தாக வேண்டும், பத்து நாளில் அறுவை சிகிச்சை என்று மருத்துவர் நாள் குறித்துவிட்டார்.

அகராதி என் அறைக்கு வந்து நின்றாள். "ரெண்டு பக்கத்துக்கும் எங்க அண்ணன்தான் குரல் கொடுக்கணும், சவுண்டு. குட்டிகிட்ட சொல்லிட்டேன், அவ அப்பா குரல் விளையாட்டுல இருக்கும்னு."

குட்டி அண்ணன் மகள். ஒன்பது வயது.

"ரெண்டு பக்கமும் ஒரே குரலா? சண்டையில குழப்பிடுமே," என்றேன்.

"மொழி வேறதானே? உங்க காது சரியில்லன்னா அதுக்கு நான் என்ன பண்றது?"

சரி, நமக்கேன் வம்பு என்று விட்டுவிட்டேன். அண்ணன் வந்தார். கரகரப்பான குரல், ஆனால் கண்ணாடி அதிரும். "ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் பிரேக்கு, பிரேக்குன்னு கத்தியே தொண்டை போச்சு தம்பி," என்று சிரித்தார். வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற ஆளே இல்லையாம், எதுவாக இருந்தாலும் நேரில் வந்துதான் கத்துவாராம். மூன்று நாள் உட்கார்ந்தார். இருநூறு கூவல்கள். அதோடு அடிவாங்கும் சத்தம், தாவும் மூச்சு, விழும்போது ஒரு முனகல். தங்கை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு சொல்லுக்கும் வாயசைத்தாள்.

போகும்போது தங்கையிடம், "நல்லா வந்துச்சா பாப்பா?" என்று கேட்டார். அதற்கு நான்காம் நாள் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, கையில் ஒரு எழுதுபலகை.

அடுத்த மாதம் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு ஆடவிட்டுப் பார்த்தோம். ஒன்பது பேர் தங்கள் ஆட்களையே வெட்டினார்கள். வாள் மோதும் இரைச்சலில் ககரமும் ஹகரமும் எங்கே கேட்கும்? காதுக்கு மிஞ்சுவது உயிரோசையும் தாளமும்தான். அவை இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தன. போதாததற்குக் குரலும் ஒன்று. 'அப்பவே சொன்னேன்ல' என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

ஆற்றாரை மட்டும் மாற்றிப் பார்க்கிறேன் என்று மன்றாடினாள். ஆற்றார் சொற்களை நீட்டி, கடைசியில் குரல் ஏறும்படி செய்து, வேறொருவரை வைத்துப் பதிந்தோம். அடுத்த சோதனையிலும் நான்கு பேர் குழம்பினார்கள். மேட்டார் சொற்களும் உயிரோசையில்தானே முடிகின்றன!

"மேட்டார் சொல்லையெல்லாம் வெட்டி வெட்டிப் பேசற மாதிரி மாத்தியே ஆகணும். எல்லாமே புதுசா பதியணும்," என்றார் எங்கள் தலைவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்குத் தெரியும்மா. ஆனா வேற வழி இல்ல," என்றார்.

அவள் வாதாடவில்லை. ஒரு வாரத்தில் நாற்பத்தாறு சொற்களையும் அறுத்துக் கொடுத்தாள். 'நிர' போய் 'நிர்க்' வந்தது. 'கேலு' போய் 'கட்' வந்தது. வேறொரு இளைஞன் வந்து கத்திவிட்டுப் போனான். மூன்றாம் சோதனையில் ஒருவர்கூடத் தவறவில்லை. தலைவர் கைதட்டினார். அவள் கழிப்பறைக்குப் போனவள் அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தாள்.

இரண்டு மாதம் சென்று என்னிடம் கேட்டாள். "அண்ணன் பதிஞ்சதை ஒரு பிரதி போட்டுத் தர்றீங்களா? குட்டிக்குக் கொடுக்கணும்."

தேடினேன். எங்கள் வழக்கம், ஒவ்வொரு கூவலுக்கும் ஒரு எண். புதிய பதிவை அதே எண்ணில் போட்டால் விளையாட்டு தானாக அதை எடுத்துக்கொள்ளும், பழையது அழிந்துவிடும். அப்படித்தான் போட்டிருந்தேன், பழக்க தோஷத்தில். தனிப் பிரதி எடுத்து வைக்கத் தோன்றவில்லை. அந்த மனிதரின் குரலை என் கையால் ஒவ்வொன்றாக அழித்திருக்கிறேன். அதைச் சொன்னபோது அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணன் தினமும் பலகையில எழுதிக் கேக்கறார், என் குரல் எப்படி வந்திருக்குன்னு. நல்லா வந்திருக்குன்னே சொல்லிட்டிருக்கேன்," என்றாள்.

விளையாட்டு வெளியான அன்று மத்தியானம் அண்ணன் வீட்டுக்குப் போனோம். தனியாகப் போகத் தைரியமில்லை என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம், "இன்னைக்குச் சொல்லிடறேன், சொல்லிடறேன்," என்றாள். உள்ளே போனால், குட்டி ஏற்கெனவே திரைக்கு முன் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அண்ணன், கழுத்தில் துணி கட்டி, சலவைச் சட்டை போட்டு, கல்யாணத்துக்குக் கிளம்பியவர் போல. அண்ணி காபி கொண்டுவந்து வைத்தார்.

குட்டி ஆற்றார் பக்கம் ஆடினாள். பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு மேட்டான் பாய்ந்தான். "நிர்க்! கட் நிர்க்!"

"இது அப்பா இல்ல," என்றாள் குட்டி.

அடுத்தவன் கத்தினான். அவனும் அந்த இளைஞன்தான். குட்டி திரும்பி, "அத்தை, அப்பா எங்க?" என்றாள். அண்ணனும் தங்கையைப் பார்த்தார்.

"மன்னிச்சிரு அண்ணா. நான் செஞ்ச மொழி சரியில்ல. எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்," என்றாள் அகராதி.

திரையில் மேட்டான் வாளை ஓங்கினான். குட்டி பயத்தில் பொத்தானை அழுத்தினாள், அவன் சரிந்தான். விழும்போது, கரகரப்பாக, நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது.

முனகலுக்கு மொழி கிடையாது. அதனால் அதை யாரும் மறுபடி பதியவில்லை. எனக்கே அது மறந்துபோயிருந்தது.

"அப்பா!" என்று கத்தினாள் குட்டி. "அத்தை, இது அப்பா!"

அடுத்தவனைத் தேடிப் போய் வெட்டினாள். அதே முனகல். ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கி, மறுபடி அதே பாறைக்குப் போய், மறுபடி வெட்டினாள். நான்காவது தடவை அகராதி எழுந்துவிட்டாள். "போதும் கண்ணு, அணைச்சிடலாம். அத்தைக்காக," என்று பொத்தானை நோக்கிக் கை நீட்டினாள்.

அண்ணன் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். குட்டி அடுத்தவனை வெட்டினாள். அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, காதைத் திருப்பிக் கேட்டார்.