ராணியின் மீனில் பெட்ரோல் வாடை

கிள்ளை ஆரோக்கிய ராணியின் வாய்க்குப் பயந்து ஏலக்காரர்களே விலையைக் குறைத்துவிடுவார்கள். விடியக்காலையில் முடசலோடை மீன்துறையில் மீன் எடுத்து, பழைய டூ ஸ்ட்ரோக் மொபட்டின் பின்னால் கூடையைக் கட்டி, மேலே ஈரச்சாக்கைப் போர்த்தி, சிதம்பரம் அண்ணாமலை நகருக்குக் கொண்டுபோய் விற்பாள். புருஷன் சந்தியாகு போய்ச் சேர்ந்த பிறகு அந்தத் தெருக்கள்தான் அவளுக்குச் சோறு போட்டன.

அந்தத் தெருக்களுக்குள்தான் சௌந்தரம் நுழைந்தாள். அதே ஊர்க்காரி, வயதில் சின்னவள். மொபட்டும் அதே சாடைதான், ஆனால் புதுசு, ஃபோர் ஸ்ட்ரோக். ராணியின் வண்டிபோல நீலப் புகையும் இல்லை, சத்தமும் கம்மி. ராணிக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். "பளபளன்னு வண்டி வச்சிருந்தா மீனு ருசிக்குமா?" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

ஆனால் ஆட்கள் அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் பத்து வருஷ வாடிக்கையான டீச்சரம்மாவே முகத்தைச் சுளித்தார்.

"கோச்சிக்காத ராணி. ஒன் மீன்ல பெட்ரோல் வாடை அடிக்குது. கொழம்புலயும் தெரியுது."

சௌந்தரம்தான் ஓதிவிட்டிருக்கிறாள் என்று ராணி அந்த நிமிஷமே முடிவு கட்டினாள். அவள் வாயை அடைக்க நேராக மெக்கானிக் ரஃபீக் கடைக்குப் போனாள்.

"தம்பி, இந்த நீலப் புகை ஏன் வருது?"

"பெட்ரோலோட ஆயில் கலக்குறோம்லக்கா, அந்த ஆயிலும் சேந்து எரியுது. பாதி எரிஞ்சும் எரியாம வெளிய வருது. அதான் நீலம். ஆனா அந்த ஆயிலு..."

ராணி மீதியைக் கேட்க நிற்கவில்லை. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆயிலை நிறுத்தினால் புகை நிற்கும், புகை நின்றால் வாடை நிற்கும், சௌந்தரத்தின் மூக்கு அறுபடும்.

முதலில் பாதியாகக் குறைத்தாள். புகை மெலிந்தது. பிறகு பங்க்கில் ஆயில் ஊற்ற வந்தவரின் கையைத் தட்டிவிட்டாள். புகை கண்ணுக்கே தெரியவில்லை. அன்றைக்கு சௌந்தரத்தை வேண்டுமென்றே உரசுவதுபோல முந்திக்கொண்டு போனாள். மகாராணிதான் போங்கள்!

டீச்சரம்மா சாக்கை விலக்கி மோந்து பார்த்துவிட்டு, "இன்னும் அடிக்குதே" என்றார்.

ராணிக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டின. மறுநாள் கூடை நிறைய வஞ்சிரமும் சங்கராவும் ஏற்றிக்கொண்டு விரட்டினாள். கிள்ளை தாண்டியதும் எஞ்சின் கிறீச்சென்று கத்தி நின்றது. பெடலை மிதித்தால் அசையவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. பின்னால் வந்து நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? சௌந்தரமேதான்.

"கூடைய குடுக்கா. மீனு கெட்டுப்பூடும். நான் வித்துக் குடுக்குறேன்."

கொடுக்காமல் என்ன செய்வாள்? கொடுத்தாள். மொபட்டை அந்த வழியே வந்த டாட்டா ஏஸ் குட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு ரஃபீக்கிடம் போனாள். அவன் கழற்றிக் காட்டினான். பிஸ்டனில் கீறல் கீறலாக இருந்தது.

"ஃபோர் ஸ்ட்ரோக்ல ஆயிலு அடியிலயே தனியா நிக்கும்க்கா. இதுல பெட்ரோலு எஞ்சினோட அடி வழியாதான் மேல போவுது. அதோட கலந்து வர்ற ஆயிலுதான் பிஸ்டனுக்கு வழவழப்பு. அத நிறுத்துனா காஞ்சி புடிச்சிக்கும்."

"புகை நின்னும் வாடை ஏன்டா போவல?"

"எரிஞ்ச புகை வெளிய போற ஓட்டையும், புது பெட்ரோலு உள்ள வர்ற ஓட்டையும் இதுல ஒரே நேரத்துல தொறந்து கெடக்கும். உள்ள வர்றதுல கொஞ்சம் எரியாமயே சைலன்சர் வழியா பூந்துடும். நீ வாசலுக்கு வாசல் வண்டிய அணைக்காம நிக்க வச்சி மீன் நிறுக்கிற. சைலன்சருக்கு மேலதான் கூடை. ஈரச்சாக்கு அம்புட்டையும் இழுத்துக்குது."

அணைத்தால் மறுபடி கிளம்பாதே என்ற பயத்தில்தான் அவள் அணைப்பதில்லை. அப்படியானால் சௌந்தரம் யாரிடமும் எதுவும் ஓதவில்லை. அது ராணிக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

மத்தியானம் சௌந்தரம் கடைக்கே வந்து காலிக் கூடையை இறக்கினாள்.

"எல்லாம் போயிடுச்சிக்கா. டீச்சரம்மா மோந்து பாத்துட்டு, வாடையே இல்ல, ஒன் மீனு எப்பவும் நல்லாதான் இருக்குன்னாங்க. இது ராணி அக்கா மீனுன்னேன். நம்பவே இல்ல."

தன் மீன் என்று சொல்லி நல்ல பேரை வாங்கிக்கொண்டிருக்கலாமே, பாவி! கெட்டவளாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

"வண்டி ரெடியாவுற வரைக்கும் என்கூடயே வாக்கா. நீயே ஒன் கையால நிறுத்துக் குடு, அப்பதான் நம்புவாங்க."

ராணி அந்தப் புது மொபட்டை, அதன் சீட்டை, அழுக்கில்லாத சைலன்சரைப் பார்த்தாள்.

"காலையில எத்தினி மணிக்குடி கெளம்புற?" என்று கேட்டாள். வயிறு எரிந்தது.