விசாரணை என்றொரு சொல்

அறுபதுகளின் தொடக்கத்தில், மீமிசல் கருவாட்டு வியாபாரி ஒருவருக்கு வருமானவரி நோட்டீஸ் வந்தது. அவருடைய ஆடிட்டரான நான் புதுக்கோட்டையிலிருந்து எழுதினேன்: ‘விசாரணைக்குத் தவறாது ஆஜராகவும்.’ பதிலுக்கு அவருடைய கணக்குப்பிள்ளை என் வீட்டுக்கு வந்தார்.

“மொதலாளி வரமாட்டேங்கிறாருங்க. விசாரணைன்னா உள்ள தள்ளிருவாங்களாம்.”

கணக்கைக் காட்டாவிட்டால் அதிகாரி தம் மதிப்பீட்டிலேயே வரி விதித்துவிடுவார். அந்தச் சிறு கடை அதைத் தாங்காது. இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, காபி கொண்டுவந்த என் மனைவி சிரித்தாள்.

“விசாரணைன்னா போலீசுதான் ஞாபகத்துக்கு வரும். கணக்குப் பாக்கக் கூப்புடுறாங்கன்னு எழுதுனா ஒங்க பேனா மை தீந்துருமா?”

அவள் எதிரிலேயே மறு கடிதம் எழுதினேன்.

‘பயப்பட வேண்டாம். நீங்கள் காட்டிய வருமானம் சரிதானா என்று பார்க்கப் பேரேட்டையும் பில்களையும் கேட்கிறார்கள். வரி இன்னும் முடிவாகவில்லை. அன்று உங்களோடு நானும் வந்து பேசுவேன். பிறகு உத்தரவு வரும். அது நமக்குச் சம்மதமில்லை என்றால் முப்பது நாளுக்குள் அப்பீல் செய்யலாம்.’

குறித்த நாளில் வியாபாரி பேரேடுகளைத் துண்டில் கட்டிக்கொண்டு வருமானவரி அலுவலகத்துக்கு எனக்கு முன்பே வந்து நின்றார். கணக்கு அப்படியே ஏற்கப்பட்டது.

சென்ற மாதம் என் மனைவி காலமானாள். தளர்ந்துவிட்ட அந்த வியாபாரி மகனுடைய தோளைப் பிடித்தபடி வந்தார்.

“விசாரிச்சிட்டுப் போகலாம்னு வந்தேங்க.”

இந்தச் சொல்லுக்கு அவள் சிரித்திருப்பாள். அவருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டேன்.