நிறைஞ்சிருந்த அலமாரி

பாம்பனில் நான் நடத்திய சலூனுக்கு முதல் போட்டவர் ஒரு மளிகைக்கடைக்காரர். கத்தியும் கையும் என்னுடையவை. நாற்காலியும் சரக்கும் அவர் பணத்தில் வந்தவை. லாபத்தில் ஆளுக்குப் பாதி என்று பேச்சு. கடை திறந்த முதல் வருஷம், பங்குனிக் கடைசியில் இருப்பு எடுத்துக் கணக்கை முடிக்க உட்கார்ந்தோம்.

உட்காரும்போதே அவர் ஒரு சட்டம் போட்டார். கணக்கு முடிக்கிற நாளில் ‘இல்லை’ என்றோ ‘கெட்டுப்போச்சு’ என்றோ யாரும் சொல்லக் கூடாது, லட்சுமி கோபித்துக்கொள்வாளாம். வீட்டில் அரிசி தீர்ந்தால் ‘நிறைஞ்சிருக்கு’ என்கிறோமே, அப்படித்தான் கடையிலும் சொல்ல வேண்டும்.

கடல்காற்றுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. பிளேடுகள் உறைக்குள்ளேயே துருப்பிடித்திருந்தன. தலைச்சாயம் குப்பியோடு இறுகிவிட்டது. பவுடர் ஈரம் வாங்கிக் கட்டிதட்டிக் கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி ‘நிறைஞ்சிருக்கு’ என்றேன். ஏடு எழுத முதலாளி கூட்டிவந்திருந்த கணக்குப்பிள்ளை காதில் விழுந்ததை மட்டும் எழுதுகிற மனிதர். அத்தனையையும் நல்ல சரக்காக, வாங்கின விலைக்கே எழுதிவிட்டார்.

இருப்பின் மதிப்பு ஏறினால் லாபமும் ஏறத்தானே செய்யும்? ஏட்டில் நூறு ரூபாய் லாபம். பெட்டியில் இருந்ததோ முப்பது. முதலாளிக்கு முகமெல்லாம் பல். தன் பங்கு ஐம்பதையும் ரொக்கமாகக் கேட்டார். என் பங்கு எங்கே என்றதற்கு அலமாரியைக் காட்டினார். குறைகிற இருபதுக்கு என் மனைவியின் தோடு அடகுக்குப் போக வேண்டும்.

நான் மெதுவாகச் சொன்னேன், “மொதலாளி, பெட்டியில உள்ளதை நான் எடுத்துக்கிறேன். அலமாரியில உள்ளதை நீங்க எடுத்துக்கங்க. எழுதின விலைதான்.”

“ஏலே, கெட்டுப்போன சரக்கை என் தலையில கட்டப் பாக்கியா?”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். கணக்குப்பிள்ளை அதற்குள் பேனாவை மையில் தோய்த்துவிட்டார். கெட்டது எது எது என்று வரிசையாகக் கேட்டார். நான் எடுத்துக் காட்டக் காட்ட முதலாளி பொத்தின வாயோடு தலையை மட்டும் ஆட்டினார். எண்பது ரூபாய்ச் சரக்கு தள்ளுபடியானது. லாபம் இருபதுக்கு இறங்கியது. ஆளுக்குப் பத்து எடுத்துக்கொண்டோம். மிச்சம் பத்து புது பிளேடு வாங்கப் பெட்டியிலேயே இருந்தது. தோடு தப்பியதில் எனக்கு முதலாளியைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

கிளம்பும்போது அவர் பவுடர் டப்பாக்களைத் துண்டில் மூட்டையாகக் கட்டிக்கொண்டார். தள்ளுபடியான குப்பைதானே, போகிற வழியில் கொட்டிவிடுகிறேன் என்றார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரை பிறந்து நாலைந்து நாள் கழித்துச் சீனி வாங்க அவர் கடைக்குப் போனேன். கல்லாவுக்கு மேலே அந்தப் பவுடர் டப்பாக்களைத் துடைத்து அடுக்கியிருந்தார். என்ன விலை என்று கேட்டேன். முழு விலையைச் சொன்னார்.