மிதிக்காத கால்

என் அண்ணியை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'காலெடு அக்கா' என்றால்தான் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கிளட்சை மிதித்த காலை எடுக்கத் தெரியாதவர்களிடம், "காலை எடு, மெதுவா எடு, உன்னைத்தான் சொல்றேன்" என்று நாளெல்லாம் கத்திக் கத்தி அவள் குரலே தகரமாகிவிட்டது. நான் அவள் நாத்தனார். ஆள் சேர்ப்பதும், பின் சீட்டில் துணைக்கு உட்கார்ந்து வருவதும் என் வேலை. நாத்தனாரும் அண்ணியும் ஒரே வண்டியில் சண்டையில்லாமல் போகிறார்களே என்று ஊரே கண் வைத்தது. சண்டை போடாமலா இருந்தோம்? கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போட்டோம், அவ்வளவுதான்.

அவளுக்கு இடுப்பில் நரம்பு அழுந்தி, இடது கால் மரத்துப் போக ஆரம்பித்திருந்தது. டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். "கால்ல உணர்ச்சி சுத்தமா போயிடுச்சுன்னா காரைத் தொடாதீங்கம்மா. உங்களுக்காக மட்டும் சொல்லல, ரோட்ல போறவங்களுக்காகவும் சொல்றேன்" என்றார். வெளியே வந்ததும் அண்ணி, "அந்த ஆளுக்கு வேற வேலையில்ல. கொஞ்சூண்டு மரமரன்னு இருக்கு, அதுக்குப் போய்..." என்றாள். ஆனால் அன்றிலிருந்து செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு காரில் உட்கார்ந்தாள். அடிக்கடி குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டாள். வீட்டு வாசலில் யாரோ நிற்கிறார்களா என்று பார்ப்பது போல இருக்கும் அந்தப் பார்வை. அந்த வேலையை விட்டுவிட்டால் அண்ணி என்ன ஆவாள் என்று நினைக்கவே எனக்குப் பயம். அந்த சீட்டில் உட்கார்ந்தால்தான் அவளுக்கு உயிர் வரும்.

எங்கள் காரில் கற்றுக்கொடுக்கிறவர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. இரண்டு கிளட்சையும் ஒரு கம்பி சேர்த்துப் பிடித்திருக்கும். ஒன்று இறங்கினால் மற்றதும் இறங்கும். மிதித்தது யார் என்று பெடலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அன்று வண்டி ஓட்டியது ஒரு தையல்கார அம்மா. நல்ல வெயில். சிக்னலில் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் நின்றிருந்தோம். அந்த அம்மா கிளட்சை முழுக்க மிதித்து முதல் கியரைப் போட்டாள். கியர் கரகரவென்று முனகிக்கொண்டு விழுந்தது. உடனே கார் தானாக நகர்ந்தது.

"ஐயையோ மேடம், கிளட்ச் கீழதான் இருக்கு! வண்டி போகுதே!"

அண்ணி பிரேக்கை அமுக்கினாள். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி, லாரியின் முதுகுக்கு ஒரு சாண் தள்ளி இன்ஜின் அணைந்து நின்றது.

"காலை எடும்மா" என்றாள் அண்ணி.

"எடுத்துட்டேன் மேடம். நீங்க எடுங்க."

"நான் எங்க மிதிச்சேன்?"

"அப்ப பெடல் ஏன் மேடம் மேல வரமாட்டேங்குது?"

நான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். தையல்கார அம்மாவின் கால் சீட்டுக்கடியில் இருந்தது. அண்ணியின் இடது பாதம் அவள் பக்கத்துப் பெடலின் மேல் இருந்தது. பெடல் தரையோடு ஒட்டிக் கிடந்தது. அண்ணியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து, காலைத் தூக்கிப் பெடலை விட்டுத் தள்ளி வைத்தாள்.

பெடல் எழும்பவில்லை. யாருடைய காலும் இல்லாமல் தரையிலேயே கிடந்தது. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். தையல்கார அம்மா தாலியைப் பிடித்துக்கொண்டு, "வண்டியில யாராவது செத்திருக்காங்களா?" என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அங்கேயே இறக்கிவிட்டிருப்பேன். கோபம் என்ன கோபம், பயம்தான்.

எப்படியோ தள்ளி ஓரம் கட்டினோம். தையல்கார அம்மா ஷேர் ஆட்டோவில் ஏறித் திரும்பிப் பார்க்காமல் போனாள். அண்ணி ஓட்டும் சீட்டுக்கு மாறி, குனிந்து கையாலேயே பெடலை மேலே தூக்கிவிட்டாள். நின்றது. பிறகு எங்கள் கண்ணெதிரே, யாரோ நிதானமாகக் கால் வைத்து அழுத்துவது போல, மெல்ல மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. அந்தப் பக்கத்துப் பெடலும் கூடவே இறங்கியது. அங்கே ஆளே இல்லை.

"பாத்தியா?" என்றாள் அண்ணி கிசுகிசுத்த குரலில். "நான் மிதிக்கல. நீ பாத்தேல்ல?"

"பாத்தேன் அண்ணி."

"சிக்னல்ல மிதிச்சேனோ என்னவோ. சத்தியமா எனக்கே தெரியலடி."

பேய் என்றால்கூடத் தேவலை என்றிருந்தது. சிக்னலில் அந்தப் பெடலை மிதித்தது அவள் கால்தான் என்றால், தனக்கே தெரியாமல் மிதிக்கிற காலோடு அவள் இத்தனை நாள் ஊரைச் சுற்றியிருக்கிறாள்.

கயிறு கட்டி ஒர்க் ஷாப்புக்கு இழுத்துப் போனோம். மெக்கானிக் தம்பி பல வருடப் பழக்கம். கதையைக் கேட்டு அவன் சிரிக்கவில்லை. அதுவே எனக்கு ஆறுதல். பானெட்டைத் திறந்து கிளட்ச் ஆயில் டப்பாவைப் பார்த்தான். பாதிக்கும் கீழே இருந்தது. கொஞ்சம் ஊற்றினான்.

"அக்கா, நீங்க டிரைவர் சீட்ல உக்காந்து மிதிங்க. கீழ போனா கையால தூக்கிட்டுத் திரும்ப மிதிங்க. நான் கியர் பாக்ஸ் பக்கம் பாக்குறேன்."

அண்ணி உட்கார்ந்து மிதித்தாள், தூக்கினாள், மிதித்தாள். ஷெட்டுக்குள் அரை இருட்டு. வண்டிக்கு அடியிலிருந்து அவன் குரல் மட்டும் வந்தது. "இன்னும்... இன்னும்... பிடிங்க... கீழ சிலிண்டர் காஞ்சு கிடக்கு. இங்க லீக் இல்ல." ஊர்ந்து வெளியே வந்து, கதவருகே மண்டியிட்டு, டார்ச்சைப் பெடலுக்கு மேலே அடித்தான்.

"ஆங், மாட்டிக்கிச்சு. மேல் சிலிண்டர்தான்க்கா. உள்ள வாஷர் போயிடுச்சு. மிதிக்கிறப்போ ஆயில் கிளட்சைத் தள்ளாம பெடல்ல மாட்டியிருக்குற இந்தக் கம்பி வழியா காருக்குள்ள ஒழுகுது. காத்தும் ஏறிடுச்சு. அழுத்தம் இருந்தாத்தான் பெடல் திரும்பி வரும். இல்லேன்னா ரெண்டு பெடல் கனம், அதுபாட்டுக்கு இறங்கிப் படுத்துக்கும். நீங்க மிதிக்கவே வேணாம்."

"நான் மிதிக்கல?"

"நீங்க மிதிச்சாலும் மிதிக்காட்டியும் இப்படித்தான்க்கா. சிலிண்டரை மாத்தி, காத்தை எடுத்துட்டா சரியாயிடும்."

அண்ணி ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அழுகையானது. அழுகை மறுபடி சிரிப்பானது. "கேட்டியாடி? வாஷராம்! ஒரு வாஷர் என்னை என்ன பாடு படுத்திடுச்சு! அந்தத் தையல்காரியை நாளைக்கே வரச்சொல்லு" என்றாள். எனக்கும் நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. "வண்டியில செத்தது வாஷர்தான்னு சொல்லிடறேன்" என்றேன். மெக்கானிக்கும் சிரித்தான்.

சிரித்துக்கொண்டே வேஸ்ட் துணியை என்னிடம் நீட்டினான். "முதல்ல அக்கா காலைத் துடைங்க. இந்த ஆயில் பெயின்டையே உரிக்கும். வழவழன்னு இவ்வளவு இருக்கே, கூசலையாக்கா?"

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். பெடல் வழியாக வழிந்த ஆயில் அண்ணியின் இடது புறங்காலில் மினுங்கியது. விரல் இடுக்குகளில் தேங்கி, குதிகாலிலிருந்து சொட்டி, கீழே விரித்திருந்த ரப்பர் விரிப்பில் திட்டாகப் பரவியிருந்தது. புதிதாக ஒரு சொட்டு இறங்கி அவள் கட்டைவிரலில் விழுந்ததை மூன்று பேரும் பார்த்தோம்.

மெக்கானிக் டார்ச்சை அணைத்துவிட்டு, எதையோ தேடுவது போல அந்தப் பக்கம் போனான்.

நான் குனிந்து அவள் பாதத்தை என் மடியில் எடுத்துத் துடைத்தேன். விரல் விரலாகத் துடைத்தேன். அண்ணி காலைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்திருந்தாள்.

"துடைக்கிறது இருக்கட்டும்" என்றாள். "எங்கயாவது தொடு. எங்கன்னு நான் சொல்றேன்."

நான் அவள் கட்டைவிரலைப் பிடித்து, என் நகம் பதிய அழுத்தினேன்.

"என்னடி பயம்?" என்றாள் அண்ணி. "சும்மா தொடு."