கையில் வாங்கிய காசும் கணக்கில் சேரும்

வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் கூட்டத்தில் அவனுக்கு 'மீட்டர்' என்று பெயர். வேக முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டுவான் என்பதால் வந்த பெயர் அது. அவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். வண்டி வாடகை வண்டி. ஒரு கீறல் விழுந்தால் வாடகைக் கடைக்காரர் அதற்கும் சேர்த்துத்தான் கறப்பார். மழை பெய்து வேலை இல்லாத நாளிலும் வாடகையை எண்ணி வைத்தாக வேண்டும்.

சொந்தமாக ஒரு வண்டி வாங்கியே தீருவது என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான். கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது, கண்ணாடி போட்ட அதிகாரி அம்மா நல்லபடியாகவே பேசினார்.

"சம்பளச் சீட்டு இல்லன்னா வருமான வரிக் கணக்கு கொண்டாங்க. வரி ஆபீஸ் பார்த்து முடிச்சதா இருக்கணும். வருமானமும் எங்க அளவுக்குத் தேறணும்."

அவன் வீட்டில் யாரும் வரிக் கணக்கு என்று ஒன்றைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். அக்கா மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டே தபாலில் படிப்பவள். வரி என்பதெல்லாம் கார் வைத்திருப்பவர்கள் சமாச்சாரம் என்றுதான் அந்த வீடு நினைத்திருந்தது. ஆனால் அவனுக்குக் கொடுக்கும் தொகையில் சிறு பங்கை வரியாகப் பிடித்து, கம்பெனி அவன் பெயரிலேயே அரசாங்கத்துக்குக் கட்டியிருந்தது. கணக்குக் கொடுத்தால் அது திரும்பி வரும் என்று கேள்விப்பட்டதும் அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வங்கிக் கணக்கில் விழுந்த தொகைகளைக் கூட்டி வருமானமாகப் போட்டான். பிடித்த வரி முழுவதையும் திருப்பிக் கேட்டு, போனிலேயே கணக்கை அனுப்பிவிட்டான். 'பெற்றுக்கொண்டோம்' என்று வந்த செய்தியை அம்மாவிடம் காட்டினான். அம்மா அதை எட்டப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

பிறகு வரி ஆபீஸிலிருந்து போனில் நோட்டீஸ் வந்தது.

நீங்கள் கேட்ட ரீஃபண்ட் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. கம்பெனி உங்களுக்குக் கொடுத்ததாகச் சொல்லும் தொகை, நீங்கள் காட்டிய வருமானத்தைவிட அதிகம். ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா? கெடுவுக்குள் பதில் வராவிட்டால் நாங்களே கணக்கைத் திருத்திவிடுவோம். விஷயம் இவ்வளவுதான். ஆனால் முதல் தடவை வாங்குகிறவனுக்கு அது போலீஸ் வாசலில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. வித்தியாசமும் கொஞ்சநஞ்சமில்லை, காட்டியதில் பாதிக்கும் மேல்.

"வராத காச வந்துச்சுங்கறான். கம்பெனிக்காரன் உன் காதுல பூ சுத்தறான்டா," என்றான் பிரேக். சமையல் கூடத்து வாசலில் ஆர்டருக்காகக் காத்திருக்கும்போது அவன்தான் எல்லோருக்கும் வக்கீல். யாரைப் பார்த்தாலும் வண்டியை நிறுத்திப் பேசுகிறவன் என்பதால் அந்தப் பெயர். "மறுக்கிறேன்னு தட்டு. கம்பெனி பொய் சொல்லுதுன்னு எழுது. நாளைக்கு நானும் எழுதறேன்."

மீட்டருக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. உழைத்தவன் பொய்யன், கணக்கு எழுதுகிறவன் யோக்கியனா? ரத்தம் கொதித்தது. 'மறுக்கிறேன்' மேல் விரலைக்கூடக் கொண்டுபோய்விட்டான். அதற்குள் ஆர்டர் தயாராகிவிட்டது.

நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்த பெரியவர் ரொக்கமாகக் கொடுத்தார். மீட்டர் எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு, 'பணம் வாங்கியாச்சு' என்று செயலியில் தட்டினான். தினமும் தட்டுவதுதான். உடனே அதில் வழக்கமான வரி வந்தது: 'உங்கள் கையிலுள்ள ரொக்கம் இந்த வாரத் தொகையில் கழித்துக்கொள்ளப்படும்.'

மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அவர்கள் எல்லோருக்கும் இதுதான் பழக்கம். வாசலில் வாங்கும் ரொக்கத்தைக் கையிலேயே வைத்துக்கொள்வார்கள். கம்பெனி அதை வாரக் கூலியில் கழித்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் வங்கியில் போடும். அந்த மிச்சத்தைத்தான் எல்லோரும் சம்பாத்தியம் என்பார்கள். கையில் வாங்கிய காசு, வீடு போய்ச் சேருவதற்குள் பெட்ரோலாகவும் காய்கறியாகவும் மாறிவிடும். செலவழித்த காசைப் போய் வருமானம் என்று யார் நினைப்பார்கள்? கம்பெனி பொய் சொல்லவில்லை. அவன்தான் தன் கூலியில் ஒரு பெரும் பகுதியைக் கூலி என்றே நினைக்காமல் இருந்திருக்கிறான்.

விடுமுறை நாளில் அக்காவும் அவனும் செயலியிலிருந்த வாரச் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். அக்கா கூட்டிக்கொண்டே வந்தாள். வங்கியில் விழுந்தது, ரொக்கமாகக் கழித்தது, வரியாகப் பிடித்தது என மூன்றையும் சேர்த்ததும் கம்பெனி சொன்ன தொகை அச்சாக வந்து நின்றது. அக்கா ரொக்கத் தொகையின்மேல் விரலை வைத்தாள்.

"என் பரீட்சை ஃபீஸ், கேஸ் சிலிண்டர், அம்மாவோட கண்ணாடி... எல்லாம் இதுலேர்ந்துதானா?"

"கையில இருந்துச்சு, குடுத்தேன்."

"பைத்தியம்," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் முதலிலிருந்து கூட்ட ஆரம்பித்தாள். கண் கலங்கியதை மறைக்கத்தான்.

வரி அலுவலகத்து உதவிக் கவுண்ட்டரில் வரிசை நீண்டிருந்தது. உட்கார்ந்திருந்த இளைஞர் சீட்டுகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மறுக்காம இருந்தது நல்லதா போச்சு. நீங்க போட்ட கணக்குதான் குறைவு. ஏற்கிறேன்னு பதில் குடுத்து, கெடுவுக்குள்ள திருத்தின கணக்க அனுப்புங்க. பெட்ரோல், வண்டி வாடகை ரசீது இருந்தா செலவா கழிச்சுக்கலாம். இல்லாததப் போடாதீங்க."

"கழிச்ச பிறகும் வரி வருமா?"

"கொஞ்சம் வரும். பிடிச்சதுல அது போக மிச்சம் திரும்பி வரும்."

வாடகை ரசீதுகள் எல்லாம் இருந்தன. பெட்ரோல் ரசீதில் பாதிதான் இருந்தது, பாதியைத்தான் போட்டான். பிரேக்குக்கு அது தாங்கவில்லை. "மீதிய யாரு பார்க்கப் போறா?" என்றான்.

"நான் பார்ப்பேன்ல," என்றான் மீட்டர்.

சில வாரங்கள் கழித்து வரி ஆபீஸிலிருந்து முடிவு வந்தது. திருத்திய கணக்கு அப்படியே ஏற்கப்பட்டிருந்தது. ரீஃபண்ட் முதலில் கேட்டதைவிடக் குறைவுதான். அம்மாவுக்கு அதில் வருத்தம்.

"மீதி எங்கடா போச்சு?"

"வரியா போச்சும்மா. நான் கட்டினது."

அம்மா அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். வருத்தம் போன இடம் தெரியவில்லை. மறுநாள் சலவைக் கடை முழுக்க அந்தப் பேச்சுதான். இஸ்திரிக்கு வந்த சட்டைக்காரர்களில் எத்தனை பேர் வரி கட்டுகிறார்கள் என்று விசாரிக்கவும் தொடங்கிவிட்டாராம்.

வங்கிக்கு அம்மாவும் கூட வந்தார். கடன் என்றால் ஜாமீன் கேட்பார்கள், தன் கையெழுத்து வேண்டியிருக்கும் என்று அவராகவே முடிவு செய்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதிகாரி அம்மா பழைய கணக்கு, திருத்திய கணக்கு இரண்டின் தாள்களையும் புரட்டி, கணினியில் ஏதோ தட்டிப் பார்த்தார்.

"முதல்ல அனுப்பின கணக்கோட வந்திருந்தா இது தேறியிருக்காது," என்றார். "இப்ப தேறுது."

அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்தார். "நான் எங்கம்மா கையெழுத்துப் போடணும்?"

"உங்க கையெழுத்து வேணாம்மா. அவரு வருமானமே போதும்."

அம்மா திரும்பி மகனைப் பார்த்தார். அவனை ஒருவர் 'அவரு' என்று சொல்லி அதுவரை அவர் கேட்டதில்லை. கையெழுத்துப் போட மேசைமேல் நீட்டியிருந்த கையை எடுத்து, எல்லோரும் பார்க்க அவன் தோளில் வைத்தார்.

"போடுங்க," என்றார் மகனிடம். "பார்த்து, நிதானமாப் போடுங்க."